மெய்ப்பகுதிக்கும் கற்பனைப்பகுதிக்கும் என்ன உறவு? கிராமர்ஸ்–கிரோனிக் தொகையீடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெய்ப்பகுதி ஒன்றைச் சொல்கிறது, கற்பனைப்பகுதி வேறொன்றைச் சொல்கிறது. ஒன்று தெரிந்தால் மற்றது தானாக வரும் என்கிறார்களே, அது எப்படி நியாயம்?

ஒரே ஒரு அதிர்வெண்ணில் பார்த்தால் உங்கள் சந்தேகம் சரிதான். 10 கிகாஹெர்ட்ஸில் தூண்டலுக்கு ஒரு பொருள் காட்டும் பதிலின், அதாவது துலங்கலின், கற்பனைப்பகுதி இவ்வளவு என்று யாராவது சொன்னால், அதே 10 கிகாஹெர்ட்ஸில் மெய்ப்பகுதி எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் எல்லா அதிர்வெண்களிலும் கற்பனைப்பகுதி தெரியும் என்றால் கதை மாறிவிடும். அப்போது மெய்ப்பகுதிக்கு விருப்பம்போல் இருக்கும் உரிமை கிடையாது. முழு வளைவு ஒன்று, இன்னொரு முழு வளைவைத் தீர்மானிக்கிறது. புள்ளிக்குப் புள்ளி உறவு என்று எதுவும் இல்லை. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பாதிக் குழப்பம் வராது.

இந்தப் பக்கம் முழுவதும் துலங்கலை χ(ω) = R(ω) + i I(ω) என்று எழுதுகிறேன். R மெய்ப்பகுதி, I கற்பனைப்பகுதி. மின்புலம் ஒரு பொருளின் மீது பட்டு, பொருள் முனைவாக்கம் அடைவதை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம். அப்போது R என்பது பொருள் ஆற்றலைத் தேக்கித் திருப்பித் தருவதைக் குறிக்கும். I என்பது ஆற்றலை விழுங்குவதைக் குறிக்கும். நேரத்தைச் சார்ந்த பகுதியை e^(−iωt) என்று எடுத்திருக்கிறேன். இந்தக் குறி வழக்கம் முக்கியம். கடைசியில் மறுபடி வருகிறேன்.

காரணத்துக்குப் பிறகுதான் விளைவு என்பது நேரத்தைப் பற்றிய பேச்சு. அது அதிர்வெண் பக்கம் போய் எப்படி உட்காருகிறது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். கலப்பெண் பகுப்பாய்வு எதுவும் தேவையில்லை, கூட்டல் கழித்தல் போதும்.

t = 0 என்ற கணத்தில் பொருளை ஒரு தட்டு தட்டுகிறோம். அதற்குப் பிறகு அது காட்டும் துலங்கலை χ(t) என்போம். தட்டுவதற்கு முன் அது எதையும் காட்டாது. எனவே t < 0 என்றால் χ(t) = 0. காரணத்தன்மை என்பது இவ்வளவுதான்.

எந்தச் சார்பையும் ஓர் இரட்டைச் சார்பு, ஓர் ஒற்றைச் சார்பு ஆகியவற்றின் கூட்டாக எழுதலாம். இரட்டைச் சார்பு என்றால் கண்ணாடியில் பார்த்ததுபோல் இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பது. ஒற்றைச் சார்பு என்றால் மறுபக்கம் குறி மாறி இருப்பது. இப்போது t = +1 இல் நம் துலங்கலின் மதிப்பு 6 என்று வைத்துக்கொள்வோம். t = −1 இல் அது சுழியாக இருந்தே ஆக வேண்டும். அப்படியானால் இரட்டைப் பகுதி இரண்டு பக்கமும் 3 ஆக இருக்க வேண்டும். ஒற்றைப் பகுதி வலப்பக்கம் +3, இடப்பக்கம் −3. கூட்டிப் பாருங்கள்: வலப்பக்கம் 6, இடப்பக்கம் 0. வேறு எந்தப் பிரிப்பாலும் இது நடக்காது.

ஆக, இடப்பக்கத்தில் இரண்டு பகுதிகளும் ஒன்றையொன்று துல்லியமாக அழித்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயத்தால், இரண்டும் ஒன்றோடொன்று கட்டுண்டு விடுகின்றன. இரட்டைப் பகுதி தெரிந்தால் அதன் இடப்பாதியின் குறியை மாற்றினால் போதும், ஒற்றைப் பகுதி கிடைத்துவிடும். தலைகீழாகவும் அப்படியே:

χ_இரட்டை(t) = sgn(t) · χ_ஒற்றை(t)

இதில் sgn(t) என்பது வலப்பக்கம் +1, இடப்பக்கம் −1.

இப்போது ஃபூரியர் உருமாற்றத்தின் ஒரு பழைய குணத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மெய்யான இரட்டைச் சார்பை உருமாற்றினால் மெய்யான விடை வரும். மெய்யான ஒற்றைச் சார்பை உருமாற்றினால் முழுக்கக் கற்பனையான விடை வரும். எனவே R(ω) என்பது இரட்டைப் பகுதியின் உருமாற்றம், i I(ω) என்பது ஒற்றைப் பகுதியின் உருமாற்றம். நேரத்தில் இரண்டும் கட்டுண்டவை என்றால் அதிர்வெண்ணிலும் கட்டுண்டவையே. கிராமர்ஸ்–கிரோனிக் உறவு என்று இதைத்தான் சொல்கிறோம். மற்றதெல்லாம் இதை அதிர்வெண்ணின் மொழியில் எழுதும் வேலை.

அப்படியானால் 1/(s−ω) போட்ட அந்தப் பயங்கரமான தொகையீடு எங்கிருந்து வருகிறது?

நேரத்தில் இரண்டு சார்புகளைப் பெருக்கினால், அதிர்வெண்ணில் அவற்றின் உருமாற்றங்களைச் சுருளல் செய்ய வேண்டும். மேலே sgn(t)-ஆல் பெருக்கினோம். sgn(t)-யின் உருமாற்றம் 2i/ω. அதனால்தான் அந்த 1/(s−ω). குறியை மாற்றும் எளிய வேலைதான் அதிர்வெண் பக்கத்தில் இப்படி உருவெடுத்து நிற்கிறது. எழுதிப் பார்த்தால்:

R(ω) = (1/π) P∫ I(s)/(s−ω) ds,  s: −∞ முதல் +∞ வரை

அப்புறம் ஒரு சிறு வசதி. χ(t) மெய்யான சார்பு என்பதால் R இரட்டைச் சார்பாகவும் I ஒற்றைச் சார்பாகவும் ω-வில் அமைகின்றன. எதிர்மறை அதிர்வெண்களை மடித்து இந்தப் பக்கம் கொண்டுவந்துவிடலாம்:

R(ω) = (2/π) P∫ s·I(s)/(s²−ω²) ds,  s: 0 முதல் ∞ வரை

I(ω) = −(2ω/π) P∫ R(s)/(s²−ω²) ds,  s: 0 முதல் ∞ வரை

1926-இல் கிரோனிக்கும் 1927-இல் கிராமர்ஸும் தனித்தனியாக இதை அடைந்தார்கள். இருவருக்கும் அப்போதைய கவலை எக்ஸ் கதிரும் ஒளியும் அணுக்களில் படும்போது என்ன ஆகிறது என்பதே. ஆனால் மேலே காட்டிய வாதத்தில் அணுவும் இல்லை, ஒளியும் இல்லை. நேரியலாக, நேரத்தோடு மாறாத பண்புகளோடு, தட்டிய பிறகு மட்டும் துலங்கும் எதற்கும் அது பொருந்தும்.

s = ω ஆகும்போது வகுக்கும் எண் சுழியாகிவிடுகிறதே? தொகையீடு முடிவிலிக்குப் போகாதா?

போகாது. தொகையீட்டின் முன்னால் நிற்கும் P அதற்காகத்தான் இருக்கிறது. அதை முதன்மை மதிப்பு என்பார்கள். s ஆனது ω-வுக்குக் கொஞ்சம் இடப்பக்கம் இருக்கும்போது 1/(s−ω) பெரிய எதிர்மறை எண். அதே தூரம் வலப்பக்கம் இருக்கும்போது அதே அளவு நேர்மறை எண். இரண்டையும் சமமான தூரத்தில் சேர்த்தே நெருங்கினால் பெரிய எண்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். மிஞ்சுவது I(s)-இன் இடப்பக்க மதிப்புக்கும் வலப்பக்க மதிப்புக்கும் உள்ள வித்தியாசம், அதாவது சரிவு.

இதில் ஓர் இயற்பியல் செய்தியும் இருக்கிறது. ω-வுக்கு மிக அருகில் R-ஐத் தீர்மானிப்பது I-யின் சரிவு, அதன் உயரம் அல்ல. உறிஞ்சல் முகட்டின் உச்சியில் சரிவு சுழி. அதனால்தான் ஒடுக்கமான முகட்டின் உச்சியில் R அந்த முகட்டால் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. உச்சிக்கு இருபுறமும்தான் R மேலும் கீழுமாக ஆடுகிறது.

ஒரு குறிப்பிட்ட நிறத்தை மட்டும் உறிஞ்சி, மற்ற நிறங்களைத் தொடாமலேயே விடும் வடிகட்டி ஒன்று செய்ய முடியாதா?

முடியாது. ஏன் முடியாது என்பதை ஜான் டோல் 1956-இல் எழுதிய கட்டுரை ஒரு படத்தால் விளக்கியது. இந்த உறவைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை.

t = 0 வரை ஒன்றுமே இல்லாமல் இருந்து, அதற்குப் பிறகு தொடங்கும் ஒரு துடிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஃபூரியர் முறையில் பிரித்தால் எண்ணற்ற சைன் அலைகள் கிடைக்கும். அந்த அலைகள் ஒவ்வொன்றும் t = 0-வில் தொடங்குவதில்லை. முடிவில்லாத கடந்த காலத்திலிருந்தே அவை ஆடிக்கொண்டிருக்கின்றன. t = 0-வுக்கு முன் எல்லாம் சேர்ந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால்தான் அங்கே அமைதி நிலவுகிறது.

இப்போது உங்கள் வடிகட்டி அவற்றில் ஒரு குறுகிய பட்டையை மட்டும் பிடுங்கி எடுத்துவிட்டு, மற்றவற்றை அப்படியே விடுகிறது. அழித்துக்கொள்ளும் கூட்டணியில் ஓர் ஆள் குறைந்துவிட்டார். t = 0-வுக்கு முன்னாலேயே, பிடுங்கப்பட்ட பட்டையின் எதிர் உருவம் வெளியே தெரியத் தொடங்கும். துடிப்பு வருவதற்கு முன்பே வடிகட்டியின் மறுபக்கத்தில் ஒளி! பட்டை எவ்வளவு குறுகலோ அவ்வளவு நேரம் முன்னாலேயே அது தெரியும்.

இது நடக்கக் கூடாது என்றால், விட்டுவைத்த அலைகள் தங்கள் கட்டங்களைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டு, அந்த முன்பகுதியை மறுபடி அழித்தாக வேண்டும். கட்டம் நகர்வது என்றால் அந்த நிறங்களுக்கு ஒளிவிலகல் எண் மாறுகிறது என்று பொருள். ஆக, ஓரிடத்தில் உறிஞ்சல் இருந்தால் மற்ற எல்லா இடங்களிலும் விலகல் இருந்தே தீரும். சோடியம் ஆவி 589 நானோமீட்டருக்கு அருகில் உறிஞ்சுகிறது. அந்த வரிகளை நெருங்கும்போது அதன் ஒளிவிலகல் எண் கண்டபடி ஏறி இறங்குவது இந்தக் கட்டாயத்தால்தான்.

உண்மையான ஒரு பொருளில் எண் போட்டுக் காட்டுங்கள். சமன்பாடாகவே பார்த்தால் மனதில் நிற்கவில்லை.

தண்ணீரை எடுப்போம். 25 டிகிரி செல்சியஸில் மாறாத மின்புலத்துக்குத் தண்ணீரின் ஒப்புமை விடுதிறன் சுமார் 78.4. அதிர்வெண்ணை ஏற்றிக்கொண்டே போனால் மூலக்கூறுகளால் புலத்தோடு சேர்ந்து திரும்ப முடியாமல் போகிறது. நுண்ணலை எல்லையைத் தாண்டும்போது விடுதிறன் 5.2-க்கு அருகில் இறங்கிவிடுகிறது. இடையே இழந்த உயரம் Δ = 73.2. மூலக்கூறுகள் ஆறி அடங்கும் நேரம் τ சுமார் 8.3 பிகோவிநாடி.

தட்டிய பிறகு துலங்கல் (Δ/τ)·e^(−t/τ) என்று தேய்கிறது என்பது டிபை மாதிரி. தண்ணீருக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. உருமாற்றினால், x = ωτ என்று வைத்து:

R = Δ/(1+x²),  I = Δ·x/(1+x²)

x = 1 ஆகும் இடம் 1/(2πτ), அதாவது 19.2 கிகாஹெர்ட்ஸ். அங்கே I தன் உச்சமான 36.6-ஐத் தொடுகிறது. R-உம் அங்கே 36.6தான், முழு உயரத்தில் சரிபாதி.

சரி, இப்போது I மட்டும் கையில் இருக்கிறது, R தெரியாது என்று வைத்துக்கொண்டு சுழி அதிர்வெண்ணில் R-ஐக் கேட்போம். சூத்திரத்தில் ω = 0 போட்டால்:

R(0) = (2/π) ∫ I(s)/s ds = (2/π)·Δ·∫ dx/(1+x²) = (2/π)·Δ·(π/2) = Δ

73.2 அப்படியே திரும்ப வந்துவிட்டது. நிதானமாகப் பார்த்தால் இது வியப்பான செய்தி. மாறாத மின்புலத்தில் தண்ணீர் ஆற்றலை விழுங்குவதே இல்லை. ஆனாலும் அங்கே அதன் விடுதிறன் ஏன் இவ்வளவு பெரிது என்ற கேள்விக்குப் பதில், 20 கிகாஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் அது விழுங்கும் ஆற்றலில் இருக்கிறது.

மீதியும் இதே கணக்குதான். வெற்றிடத்தின் பங்கு 1. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, அதன் வர்க்கம் 1.77. ஆக 0.77 என்பது புற ஊதாவிலும் அதற்கு மேலும் எலக்ட்ரான்கள் செய்யும் உறிஞ்சலின் பங்கு. 1.77-லிருந்து 5.2 வரை உள்ள சுமார் 3.4, பெரும்பாலும் அகச்சிவப்பையும் அதற்குக் கீழே நுண்ணலை வரை உள்ள பகுதியையும் சேர்ந்தது. மீதமுள்ள 73.2 நுண்ணலையின் பங்கு. ஒவ்வொரு உறிஞ்சல் பட்டையும் தனக்குக் கீழே உள்ள அதிர்வெண்களுக்கு எல்லாம் ஒரு படி உயரத்தைச் சேர்த்துவிட்டுப் போகிறது.

சுழியிலிருந்து முடிவிலி வரை யார் அளக்க முடியும்? என் கருவி 1 முதல் 50 கிகாஹெர்ட்ஸ் வரைதான் போகும்.

நடைமுறையில் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். அதே தண்ணீரில் எவ்வளவு தவறு வருகிறது என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். டிபை மாதிரியில் விடுபட்ட பகுதியின் பங்கைத் துல்லியமாக எழுத முடியும்.

முதலில் கீழ்ப்பக்கம். 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே விட்டதால் R(0)-வில் குறைவது சுமார் 2.4. பெரிய விஷயம் இல்லை. மேல்பக்கம்தான் அடி. 50-க்கு மேலே விட்டதால் R(0)-வில் குறைவது 17.1. உச்சி 19.2-இல் இருக்கிறது, 50 வரை அளந்துவிட்டோமே, போதாதா என்று தோன்றும். டிபை வால் மிக மெதுவாகத் தேய்கிறது. 500 கிகாஹெர்ட்ஸ் வரை போனாலும் 1.8 அளவுக்குக் குறை நிற்கும்.

கீழ்ப்பக்கத்தை ஒதுக்கிவிட்டு, 50-க்கு மேலே விட்டதால் வரும் குறை மட்டும் அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். சுழியில் 17.1. 10 கிகாஹெர்ட்ஸில் 17.3. 20-இல் 18.1. 40-இல் 23.2. அதாவது எல்லையை விட்டு விலகி இருக்கும் வரை, குறை கிட்டத்தட்ட ஒரு மாறிலி. தூரத்தில் இருக்கும் உறிஞ்சல் இங்கே ஒரே அளவான உயரத்தைத்தான் கொடுக்கும், வளைவைக் கொடுக்காது.

இதிலேயே வழியும் இருக்கிறது. ஏதாவது ஓர் அதிர்வெண்ணில் R-ஐ வேறு வழியில் தெரிந்துகொள்ளுங்கள். தண்ணீருக்குச் சுழியில் 78.4 என்பது மின்தேக்கி முறையில் நன்றாகத் தெரிந்த எண், அதில் 5.2-ஐக் கழித்தால் நம் R(0) 73.2. கணக்கில் வந்த வளைவை மொத்தமாக உயர்த்தி அந்தப் புள்ளியில் பொருத்துங்கள். அப்படிச் செய்தால் 10 கிகாஹெர்ட்ஸில் பிழை 17.3-லிருந்து 0.2-ஆகச் சுருங்குகிறது. 20-இல் 1.0 மிஞ்சும். உண்மை மதிப்பு அங்கே சுமார் 35 என்பதால் அது தாங்கக்கூடிய பிழை. இதைக் கழித்தல் முறை என்பார்கள். ஒரு புள்ளியை நங்கூரமாகப் பிடித்து, R(ω) − R(ω₀)-க்குத் தொகையீடு எழுதும்போது பகுதியில் s-இன் அடுக்கு இரண்டு கூடுகிறது. அதனால் தொலைவில் உள்ளவற்றின் பங்கு வேகமாகக் குறைகிறது.

ஆனால் எல்லையை நெருங்கினால் நங்கூரமும் காப்பாற்றாது. 40 கிகாஹெர்ட்ஸில் உண்மையான R 13.7. நங்கூரம் இல்லாமல் கணக்கிட்டால் வருவது −9.5. எதிர்மறை! நங்கூரம் போட்டாலும் 7.6தான். முதன்முதலில் என் கணக்கில் இப்படி எதிர்மறை எண் வந்தபோது நிரலில் பிழை என்று நினைத்து இரண்டு நாள் தேடினேன். நிரலில் ஒன்றும் இல்லை, தரவு வெட்டுப்பட்ட இடம்தான் காரணம். என் அனுபவத்தில், அளந்த எல்லையின் மேல் மூன்றில் ஒரு பங்கில் வரும் எண்களை நம்பாமல் இருப்பது நல்லது. நம்பியே ஆக வேண்டும் என்றால், எல்லைக்கு வெளியே வால் எப்படித் தேயும் என்று ஒரு மாதிரியைப் பொருத்தி, அந்த வாலையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

கணினியில் எப்படிப் போடுவது? s = ω வரும் புள்ளியை விட்டுவிட்டால் போதுமா?

விடுவதில் ஒரு முறை இருக்கிறது. சம இடைவெளியில் தரவை வைத்துக்கொண்டு, ஒற்றை வரிசை எண்ணுள்ள புள்ளிக்கு இரட்டை வரிசைப் புள்ளிகளையும், இரட்டைக்கு ஒற்றையையும் மட்டும் கூட்டுங்கள். அப்போது ω-வுக்கு இருபுறமும் புள்ளிகள் சம தூரத்தில் நிற்கும், பெரிய எண்கள் தாமாக அழியும். ஒன்றுவிட்டு ஒன்று எடுப்பதால் இடைவெளி இரண்டு மடங்கு என்பதை மறக்கக் கூடாது.

```python
import numpy as np

def kk_real(w, I):
    h = w[1] - w[0]
    R = np.zeros(len(w))
    for i in range(len(w)):
        j = np.arange((i + 1) % 2, len(w), 2)
        R[i] = (4*h/np.pi) * np.sum(w[j]*I[j] / (w[j]**2 - w[i]**2))
    return R
```

உங்கள் தரவைக் கொடுப்பதற்கு முன், x = 1 ஆகும் இடத்தை 19.2 என்று வைத்து, டிபை சார்பைச் சுழி முதல் 50 கிகாஹெர்ட்ஸ் வரை நெருக்கமான புள்ளிகளில் கொடுத்துச் சோதியுங்கள். மேலே சொன்ன 17.1, 17.3, 18.1 என்ற குறைகள் அப்படியே வர வேண்டும். வந்தால் நிரல் சரி. விரைவு ஃபூரியர் உருமாற்றத்தை வைத்தும் இதைச் செய்யலாம். ஆனால் அது தரவின் இரண்டு முனைகளையும் வளைத்து ஒன்றோடொன்று ஒட்டிவிடும். டிபை போன்ற நீண்ட வால் உள்ள தரவில் அதனால் ஓரங்கள் கெடும். இரு முனைகளிலும் நிறையச் சுழிகள் சேர்த்தால் ஓரளவு குறையும்.

தண்ணீரில் உப்பு கலந்தேன், கணக்கிட்ட R-ஐ அளந்த R-உடன் ஒப்பிடும் சோதனை மொத்தமாகத் தோற்றுவிட்டது. ஏன்?

உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். அதனால் கற்பனைப்பகுதியில் σ/(ε₀ω) என்ற ஓர் உறுப்பு கூடுதலாக வந்து சேரும். மின்கடத்து எண் மீட்டருக்கு 5 சீமன்ஸ் என்று வைத்தால் (கடல்நீர் கிட்டத்தட்ட அப்படித்தான்), 1 கிகாஹெர்ட்ஸில் அது சுமார் 90. தண்ணீரின் சொந்த இழப்பு அங்கே 4-ஐக்கூடத் தொடாது. அதிர்வெண் குறையக் குறைய அந்த 90 ஏறிக்கொண்டே போய் சுழியில் முடிவிலியாகிறது.

விசித்திரம் என்னவென்றால், இந்த உறுப்பு மெய்ப்பகுதியில் எந்தத் தடயத்தையும் விடுவதில்லை. சூத்திரத்தில் I(s) = c/s என்று போட்டுப் பாருங்கள். மேலே உள்ள s அடிபட்டு, 1/(s²−ω²)-இன் முதன்மை மதிப்பு மிஞ்சும். சுழியிலிருந்து முடிவிலி வரை அது துல்லியமாகச் சுழி. ஆக, R-ஐ மட்டும் வைத்துக்கொண்டு இந்தக் கடத்தலை ஒருக்காலும் மீட்க முடியாது.

காரணத்தன்மை உடைந்துவிட்டதா என்றால் இல்லை. கடத்தும் பொருளைத் தட்டினால் நகர்ந்த மின்சுமை நகர்ந்த இடத்திலேயே நின்றுவிடும், திரும்பி வராது. அதாவது χ(t) தேயாமல் ஒரு மாறிலியாக நீள்கிறது. அதன் இரட்டைப் பகுதி எல்லா நேரத்துக்கும் ஒரே மாறிலி. அதை உருமாற்றினால் ω = 0 என்ற ஒற்றைப் புள்ளியில் கூர்முனை ஒன்று வரும், மற்ற எங்கும் ஒன்றும் இருக்காது. தடயம் அங்கே இருக்கிறது, ஆனால் எந்தக் கருவியாலும் அந்தப் புள்ளியைத் தொட முடியாது.

உங்கள் தரவு 1 கிகாஹெர்ட்ஸில் தொடங்குவதால் சிக்கல் இரட்டிப்பாகிறது. முழு எல்லையில் அழிந்து போக வேண்டிய அந்தத் தொகையீடு, பாதியில் வெட்டும்போது அழியாமல் பெரிய எண்ணாக நிற்கிறது. எனவே முதலில் குறைந்த அதிர்வெண்ணில் கடத்து எண்ணைத் தனியாக அளந்து, σ/(ε₀ω)-ஐக் கழித்துவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் சோதனையைப் போடுங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கத்திலும் ஒரு தோழர் உண்டு. தட்டிய அதே கணத்தில் துளியும் தாமதிக்காமல் வரும் துலங்கல் R-இல் ஒரு மாறிலியாக நிற்கும், I-யில் தடயம் இருக்காது. நுண்ணலையில் மட்டும் வேலை செய்பவருக்கு அந்த 5.2 அப்படித்தான் தெரியும். அகச்சிவப்பின் வேகம் அவருக்கு உடனடி மாதிரிதான்.

புத்தகங்களில் மேல் அரைத்தளம், துருவம் என்றெல்லாம் வருகிறதே, அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

அதே வாதம்தான், வேறு உடையில். t > 0 மட்டும் இருப்பதால், ω-வுக்கு நேர்மறைக் கற்பனைப்பகுதி கொடுத்தால் e^(iωt) தேயும், உருமாற்றத் தொகையீடு இன்னும் நன்றாக ஒருங்கும். எனவே χ(ω) மேல் அரைத்தளத்தில் துருவமே இல்லாமல் சீராக இருக்கிறது. அங்கே காஷியின் தேற்றத்தைப் போட்டால் அதே சூத்திரம் வரும். கணக்குப் போட அது வசதி, புரிந்துகொள்ள இரட்டை–ஒற்றை வழியே போதும் என்பது என் கருத்து.

மெய்–கற்பனைக்குப் பதிலாக வீச்சு–கட்டம் என்று எழுதினாலும் இதே உறவு உண்டா?

கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும். χ = |χ|·e^(iθ) என்றால் ln χ = ln|χ| + iθ. எனவே ln|χ|-க்கும் θ-வுக்கும் அதே மாதிரி உறவு எழுதத் தோன்றும். ஆனால் மேல் அரைத்தளத்தில் χ எங்காவது சுழியானால் அங்கே மடக்கை வெடித்துவிடும். காரணத்தன்மை துருவங்களைத்தான் தடுக்கிறது, சுழிகளைத் தடுப்பதில்லை.

எளிய எதிர்க்காட்டு: வருவதை அப்படியே T நேரம் தாமதித்து வெளியே விடும் ஒரு கம்பி. அதன் துலங்கல் e^(iωT). முழுக்கக் காரணத்தன்மைக்கு உட்பட்டது. இங்கே மேல் அரைத்தளத்தில் சுழிகூட இல்லை, ஆனால் தொலைவில் ln χ அடங்காமல் iωT என்று வளர்கிறது. வீச்சு எங்கும் 1, வீச்சின் மடக்கை எங்கும் 0. உறவு பிழையற்றது என்றால் கட்டமும் 0 ஆக வேண்டும். உண்மையில் கட்டம் ωT. அதனால் வீச்சிலிருந்து கிடைப்பது சாத்தியமான மிகக் குறைந்த கட்டம் மட்டுமே. எதிரொளிப்பு அளவிலிருந்து கட்டத்தை எடுப்பவர்கள் இதை முதலில் கவனிக்க வேண்டும்.

என் அளவீட்டில் இரண்டு வளைவும் ஒத்துப்போகவில்லை. பொருள் விதியை மீறுகிறதா?

பொருள் மீறாது. எங்கே ஒத்துப்போகவில்லை, எப்படி ஒத்துப்போகவில்லை என்று பார்த்தால் காரணம் தெரிந்துவிடும்.

கணக்கிட்ட R முழுவதும் உண்மைக்கு இணையாக மேலோ கீழோ நிற்கிறது, வடிவம் சரி என்றால், எல்லைக்கு வெளியே உள்ள உறிஞ்சல் விடுபட்டிருக்கிறது. மேல் ஓரத்தில் மட்டும் விலகிப் பறக்கிறது என்றால், எல்லை உறிஞ்சல் பட்டையின் நடுவில் வெட்டுகிறது. கீழ் ஓரத்தில் பறக்கிறது என்றால் கடத்தலைக் கழிக்கவில்லை.

குறைந்த அதிர்வெண்ணில் மட்டும் சிறிய, ஆனால் ஒழுங்கான விலகல் இருந்தால், அளந்துகொண்டிருக்கும்போதே மாதிரி மாறியிருக்கலாம். மின்கலத்தின் மறிப்பை அளப்பவர்களுக்கு இது தினசரிப் பிரச்சினை. 1 மில்லிஹெர்ட்ஸில் ஒரே ஒரு சுற்றுக்கு 1000 விநாடி ஆகிறது. அதற்குள் கலம் சூடாகலாம், மின்னேற்றம் குறையலாம். முதலில் அளந்த புள்ளியும் கடைசியில் அளந்த புள்ளியும் ஒரே பொருளைச் சேர்ந்தவை அல்ல. நேரத்தோடு மாறாத பண்பு என்ற நிபந்தனை அங்கே உடைகிறது, காரணத்தன்மை அல்ல. அதிர்வெண்ணை மேலிருந்து கீழே ஒரு முறையும், கீழிருந்து மேலே ஒரு முறையும் ஓட்டிப் பாருங்கள். இரண்டும் வேறுபட்டால் சந்தேகம் உறுதி. மின்னழுத்தத்தின் வீச்சைப் பாதியாக்கியும் பாருங்கள். துலங்கல் மாறினால் நேரியல் நிபந்தனை உடைந்திருக்கிறது.

கடைசியாக, கணக்கிட்ட R தலைகீழாகக் கவிழ்ந்து வந்தால் அது குறி வழக்கம். மின்பொறியாளர்கள் e^(+jωt) என்று எழுதி ε = ε' − jε'' என்பார்கள். அந்தத் தரவிலிருந்து கலப்பெண்ணின் கற்பனைப்பகுதியை நேரடியாக எடுத்து மேலே உள்ள நிரலில் போட்டால் I முழுவதும் எதிர்மறையாகப் போகும். ஆற்றலை விழுங்கும் பொருளுக்கு இந்தப் பக்கத்து வழக்கத்தில் ω > 0 எங்கும் I நேர்மறை, எனவே ∫ I(s)/s ds-உம் நேர்மறை. தொகையீட்டை ஓட்டுவதற்கு முன் இந்த ஓர் எண்ணின் குறியைப் பார்த்துவிடுங்கள். எதிர்மறையாக வந்தால் I-யின் குறியை மாற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.